மூடிய புத்தகமும் சலவை ரசீதும்

மாமல்லபுரம் கடற்கரையில் உள்ள ஒரு தங்கும் விடுதியில் பகலெல்லாம் வேலை பார்த்து, இரவில் படித்து, குரூப் 4 தேர்வில் தேறிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவருடைய மகள் செங்கல்பட்டில் மாணவியர் விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், வரலாறு உள்ள பாடப்பிரிவில். மகளுக்கு அம்மா ஒரு கடிதம் எழுதி, தான் அந்த நாட்களில் படிக்கத் தயாரித்த சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அனுப்பினார். இருவரின் சம்மதத்தோடு இரண்டையும் பார்த்தேன். கடிதம் இவ்வளவுதான்:

“கண்ணு, படிச்சது எதுவும் மனசுல நிக்கலைன்னு போன்ல அழுதியே, அதுக்காகத்தான் இதை எழுதுறேன். நீ சின்னப் பிள்ளையா இருந்தப்ப உன்னை ஆயாகிட்ட படுக்க வச்சிட்டு, பத்து மணிக்கு மேல ஒரு மணி நேரம் படிப்பேன். முடிச்சதும் புத்தகத்தை மூடிட்டு, வேலை செய்யுற இடத்துல தூக்கிப் போடுற சலவை ரசீதோட பின்பக்கத்துல அன்னிக்குப் படிச்சதைப் பத்து வரிக்குள்ள எழுதுவேன். தாள் சின்னதா இருந்தாத்தான் தேவையில்லாதது உள்ள வராது. நடுவுல ஒரு கோடு. இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் அதுக்கு விளக்கம். மறுநாள் வலப்பக்கத்தைக் கையால மூடிக்கிட்டு சொல்லிப் பார்ப்பேன். ஞாயித்துக்கிழமை ஏழு சீட்டையும் பார்த்துடுவேன். நீயும் செஞ்சு பாரு. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா.”

மகள் ஒரு மாதம் செய்தாள். பலன் இல்லை என்றாள். அம்மாவைத் தேர்வில் தேற வைத்த முறை மகளுக்கு ஏன் உதவவில்லை? இருவரின் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் விடை தெரிந்தது. நல்வாய்ப்பாக, பல்லவர் பாடம் இருவரிடமும் இருந்தது.

மகளின் சீட்டு அழகானது. மூன்று நிற மை, அடிக்கோடு, அளவெடுத்த கட்டங்கள். அதில் இருந்த வரிகளைப் பாடநூலோடு ஒப்பிட்டேன். பெரும்பாலும் நூலின் வாக்கியங்களே, சொல் மாறாமல். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். அம்மாவின் சீட்டில் எழுத்து கோணல்மாணல். ஒரு வரியில் “மண்டகப்பட்டு – நரசிம்மவர்மன்” என்று எழுதி, அதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே “மகேந்திரவர்மன்” என்று திருத்தியிருக்கிறார். மூடிய புத்தகத்தோடு எழுதியதால்தான் அந்தப் பிழை வந்தது. பிழை வந்ததால்தான் தனக்குத் தெரியாதது எது என்று அவருக்குத் தெரிந்தது.

இந்த முறையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியைப் படித்தபின் சிலர் அதையே மறுபடி படித்தார்கள். சிலர் படித்ததை நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது: 81 விழுக்காடு, மற்றவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது. மறுபடி படித்தவர்களிடம் 42 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்களிடம் 56 விழுக்காடும் மிஞ்சின. பார்த்து எழுதும் பிள்ளைக்கு அன்று இரவு எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். அந்தத் தெம்பு ஒரு வாரம் தாங்காது. மகளுக்கு நடந்தது இதுதான்.

2013இல் டன்லாஸ்கியும் அவருடைய சகாக்களும் மாணவர்கள் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டார்கள். சுருக்கம் எழுதுவது குறைந்த பயனுள்ளவற்றின் வரிசையில்தான் வந்தது. தன்னையே சோதித்துக்கொள்வதும், படிப்பை இடைவெளி விட்டுப் பிரித்துச் செய்வதும் முதலிடம் பெற்றன. அம்மாவின் முறை மேலுக்குச் சுருக்கம் எழுதுவது போலத் தெரிகிறது. உள்ளே நடப்பது அந்த இரண்டும்தான்: இரவில் மூடி எழுதுவது ஒரு சோதனை, மறுநாளும் ஞாயிறும் திரும்பி வருவது இடைவெளி.

கடிதத்தின் முதல் குறை இங்கே தெரிகிறது. தாளின் அளவுக்குக் காரணம் சொல்கிற அம்மா, “புத்தகத்தை மூடிட்டு” என்பதை ஒரு சொற்றொடரில் கடந்துவிடுகிறார். சிவப்பு மையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. கை பழகிய காரியம் என்பதால் சொல்ல வேண்டும் என்றே தோன்றியிருக்காது. ஆனால் திருத்தம் இல்லாமல் மூடி எழுதுவது ஆபத்தானது. தவறான வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தால் தவறுதான் ஆழமாகப் பதியும்.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. குரூப் 4 என்பது 200 கேள்விகள் கொண்ட, விடையைத் தேர்ந்து குறிக்கும் தேர்வு. ஒரு சொல்லுக்கு ஒரு விளக்கம் என்ற இணை அதற்குப் போதும். அம்மாவின் பல்லவர் சீட்டில் மூன்று வரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன: மகேந்திரவர்மன் – குடைவரை, மாமல்லன் – ஒற்றைக்கல் ரதம், ராஜசிம்மன் – கடற்கரைக் கோயில், கட்டுமானம். பொருத்துக என்று கேட்டால் மதிப்பெண் நிச்சயம். மகள் எழுத வேண்டியதோ நெடுவினா. பாறையைக் குடைவதிலிருந்து, ஒரே பாறையைச் செதுக்கிக் கோயில் வடிவம் எடுப்பதற்கும், அங்கிருந்து கல்லை அடுக்கிக் கட்டுவதற்கும் கலை எப்படி நகர்ந்தது என்று அவள் விளக்க வேண்டும். அந்த நகர்வு மூன்று வரிகளுக்கும் இடையில் இருக்கிறது. சீட்டில் அதற்கு இடமில்லை.

ஐயத்துக்கும் அதில் இடமில்லை. மாமல்லபுரத்துச் சின்னங்கள் பல தலைமுறை மன்னர்களின் பணி என்பதே பரவலான கருத்து. அவை அனைத்தும் ராஜசிம்மன் காலத்தவை என்று இரா. நாகசாமி 1962இல் வாதிட்டார். பத்து வரிக்குள் சுருக்கும்போது முதலில் உதிர்வது இப்படிப்பட்ட விவாதம்தான். வேலைக்கான தேர்வுக்கு அது நட்டமில்லை. வரலாறு படிக்கிற பிள்ளைக்கு அதுதான் பாடமே.

அதற்காக இந்த முறையைக் கைவிடச் சொல்ல மாட்டேன். நாளெல்லாம் உழைத்து ஒரு மணி நேரம் மட்டுமே கையில் உள்ளவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி அரிது. சின்னத் தாள் எதை விடுவது என்று முடிவெடுக்க வைக்கிறது. அந்த முடிவை எடுக்கப் பாடம் புரிந்திருக்க வேண்டும். மகளுக்காக மூன்று மாற்றங்கள் மட்டும் போதும். மூடி எழுதியபின் புத்தகத்தைத் திறந்து வேறு மையால் திருத்த வேண்டும். ஒரு மாதமாகியும் திருத்தமே விழாத சீட்டுகள் என்றால் பார்த்து எழுதுகிறாள் என்று பொருள். ஞாயிறன்று சீட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்க வேண்டும். வரிசையில் மட்டும் விடை வந்தால் அவள் மனத்தில் இருப்பது பட்டியல்தான், பாடம் அல்ல. கடைசியாக, வாரத்துக்கு ஒரு சீட்டை எடுத்து, அதன் வரிகளுக்கு நடுவே “ஏன்”, “அதனால்” என்ற சொற்களைப் போட்டு ஒரு பக்கம் எழுத வேண்டும்.

இதைச் சொன்னபோது மகள் தன் பல்லவர் சீட்டைத் திருப்பி வைத்துவிட்டு, வெற்றுத் தாளில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தாள். பத்தில் நான்கு வரி வந்தது. அந்த நான்கில் ஒன்று “மண்டகப்பட்டு – நரசிம்மவர்மன்.” டப்பாவைத் திறந்து அம்மாவின் சீட்டைத் தேடி எடுத்தவள், அந்தச் சிவப்பு அடித்தலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.