ஆறாம் வாரத்தில் இன்னொரு முறை

அபிராமபுரத்துக் குழந்தைக்குக் கண் மருத்துவமனை தொலைவில் இல்லை. நுங்கம்பாக்கத்தில் சங்கர நேத்ராலயா இருக்கிறது. எழும்பூரில் 1819-இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. ஆனாலும் சில குழந்தைகள் தாமதமாகவே அங்கு போய்ச் சேர்கிறார்கள். 'பிறந்தப்பவே கண்ணைப் பார்த்துட்டாங்க' என்ற நிம்மதிக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

பிறந்தவுடன் செய்யும் அந்தப் பரிசோதனை மிக எளிது. அறையை இருட்டாக்கி, ஒரு கை நீளத்தில், அதாவது சுமார் 45 செ.மீ. தள்ளி நின்று, ஆப்தால்மோஸ்கோப்பின் ஒளியை இரு கண்களிலும் ஒருசேரப் பாய்ச்ச வேண்டும். விழித்திரையில் பட்டுத் திரும்பும் ஒளி இரு பாப்பாவிலும் ஒரே நிறத்தில், ஒரே பிரகாசத்தில் ஒளிர வேண்டும். நம் குழந்தைகளுக்கு அது புத்தகப் படத்தில் வருவதுபோல் சிவப்பாக இருக்காது. மங்கிய ஆரஞ்சாகவோ மஞ்சளாகவோ தெரியும். அதனால் நிறத்தைவிட இரு கண்களுக்கும் உள்ள வேற்றுமையே முக்கியம். கரும்புள்ளி தெரிந்தால் கண்புரையைச் சந்தேகிக்கலாம். வெண்ணிறம் தெரிந்தால் கண்புரையோடு விழித்திரைப் புற்றுநோயும் சந்தேகத்தில் வரும். அன்றே அனுப்ப வேண்டியது அது.

செலவே இல்லாத பரிசோதனைதான், ஆனால் முதல் நாளில் அது பாதிதான் நம்பத் தக்கது. வீங்கிய இமை திறக்காது, பாப்பா சிறுத்திருக்கும், வார்டிலோ விளக்கை அணைக்க மாட்டார்கள். விழித்திரையின் ஓரத்தில் முளைக்கும் சிறு கட்டி இதில் சிக்காது. குறைமாதக் குழந்தையின் விழித்திரை நோயையும் இது காட்டாது. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் குறைந்தாலோ, முதல் மாதத்துக்குள் கண் மருத்துவரே மருந்து விட்டுப் பார்க்க வேண்டும்.

ஆறாம் வாரத் தடுப்பூசியின்போது இன்னொரு முறை பார்ப்பதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. ஒரு கண்ணில் மட்டும் அடர்ந்த பிறவிக் கண்புரை இருந்தால், ஏறத்தாழ ஆறு வாரத்துக்குள் அறுவை செய்யும்போதுதான் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தக் கற்கும் வாய்ப்பு அதிகம். எனவே பிறப்பில் பார்ப்பதைக் கைவிடவும் முடியாது. ஊசி போட எப்படியும் அம்மா வருகிறார். விளக்கை அணைத்து ஒரு நிமிடம் செலவழித்தால் போதும். பிறகு வரும் ஒவ்வொரு ஊசிக்கும் அப்படியே.

பிளேஸ்கூலுக்கு வரும் ஃபோட்டோஸ்க்ரீனிங் கேமரா தேடுவது வேறொன்றை. சுமார் ஒரு மீட்டர் தள்ளி நின்று இரு கண்களின் பவரையும் பார்வைக் கோட்டையும் அது சில நொடிகளில் அளக்கிறது. மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு வலக்கண்ணில் +1, இடக்கண்ணில் +3.5 என்று வைத்துக்கொள்வோம். வலக்கண் தெளிவாகப் பார்ப்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. 2.5 வித்தியாசத்தைக் கேமரா பிடித்துவிடும், 1.25-ஐத் தாண்டினாலே மேல் பரிசோதனைக்கு அனுப்பலாம். இடக்கண் சோம்பேறிக் கண்ணாக ஆகக்கூடும் என்று மட்டுமே அது சொல்லும், ஆகிவிட்டதா என்பதைச் சொல்லாது. அதற்குச் சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்த்து, ஒவ்வொரு கண்ணின் பார்வையையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

அதே கேமரா, இரு கண்ணிலும் +5 உள்ள குழந்தையைச் சில சமயம் 'பாஸ்' செய்துவிடும். பிள்ளை கண்ணை இறுக்கிக் குவிக்கும்போது தூரப்பார்வைப் பவர் குறைவாகப் பதிவாகிறது. ஆகவே 'பாஸ்' சீட்டு ஓராண்டுக்குத்தான் செல்லும். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் எழுத்து அட்டையைத் தடுமாறாமல் படிக்கும் வயது வரை ஆண்டுதோறும் எடுக்கலாம். அதன்பின் அட்டையே போதும். மாறுகண் தெரிந்தாலோ, குடும்பத்தில் சிறுவயதுக் கண்நோய் இருந்தாலோ, கேமராவுக்குக் காத்திராமல் நேரே மருத்துவரிடம் போவதே சரி.