வெள்ளைத் திரையில் ஒளிந்த பச்சைப் புள்ளி

புது மானிட்டரைப் போட்டு, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போடுகிறவர்கள் அதிகம். இப்போது என் மேசையில் இருக்கும் 27 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் அந்தச் சோதனையில் பாஸ். ஆனாலும் திருப்பி அனுப்பப் போகிறேன்.

திரையின் குறையைக் கண்டுபிடிக்கத் தனி ஆப் எதுவும் தேவையில்லை. திரையை மெல்லிய துணியால் துடைத்துவிட்டு, பிரவுசரின் முகவரிப் பட்டையில் இதைத் தட்டி F11 அழுத்தினால் திரை முழுக்கக் கறுப்பாகிவிடும்:

```
data:text/html,<body bgcolor=black>
```

அடுத்து black என்ற இடத்தில் white, red, lime, blue என்று மாற்றிப் பார்க்க வேண்டும். green வேண்டாம், அது மங்கலான பச்சை. முழுப் பச்சைக்கு lime.

கறுப்பில் நடுவுக்குச் சற்று இடப்பக்கம் ஊசிமுனை அளவு பச்சை தெரிந்தது. சிவப்பில் அதே இடம் மஞ்சள், நீலத்தில் வெளிர்நீலம். வெள்ளையிலும் பச்சையிலும் காணவே காணோம். ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப்புள்ளிகள் உண்டு. இங்கே பச்சை மட்டும் அணையாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளையில் மூன்றும் எரிந்தாக வேண்டும் என்பதால் அங்கே குறை தெரியாது. செத்த பிக்சல் இதற்கு நேர்மாறு: எல்லா நிறத்திலும் கறுப்பு, வெள்ளையில் பளிச்சென்று தெரியும். மாட்டிய புள்ளி, நிறங்களை வேகமாக மாற்றி ஓட்டினால் சில சமயம் விடுபடும். செத்தது பெரும்பாலும் திரும்பாது. விரலால் அழுத்திப் பார்க்கும் வைத்தியம் மட்டும் வேண்டாம், பக்கத்துப் பிக்சலும் போகலாம்.

ஓரத்து ஒளிக்கசிவைப் பார்க்க அறையை இருட்டாக்கி, மறுபடி கறுப்புத் திரை. மெனுவில் டைனமிக் கான்ட்ராஸ்ட் இருந்தால் முதலில் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் கறுப்பைக் கண்டதும் மானிட்டரே பின்விளக்கைக் குறைத்து, குறையை மறைத்துவிடும். இதில் கீழ் இடமூலையில் மஞ்சள் கலந்த வெளிச்சம் ஒன்று, வலமூலையில் வெள்ளிப் புகை போல இன்னொன்று. தலையை நகர்த்தியதும் வலப்பக்கத்துப் புகை கரைந்தது. அது ஐபிஎஸ் பேனலின் இயல்பு. மாற்றி வாங்கினாலும் கூடவே வரும். இடப்பக்கத்து மஞ்சள் எங்கிருந்து பார்த்தாலும் அசையவில்லை. அதுதான் கசிவு. பிரைட்னஸ் 100-இல் உறுத்தியது, நான் வேலை செய்யும் 35-இல் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. கசிவு மட்டும் என்றால் வைத்துக்கொண்டிருப்பேன். செல்போன் படத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். இருட்டில் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டி, சின்னக் கசிவையும் தீப்பிடித்த மாதிரி காட்டும்.

பச்சைப் புள்ளிதான் பொறுக்கவில்லை. இருட்டுக் காட்சியில் கண் அங்கேயே போகிறது. வாரன்டியை நம்பி உட்கார்ந்தால், ஒரு புள்ளிக்கெல்லாம் மாற்றித் தர மாட்டோம் என்ற விதி பல தயாரிப்பாளர்களிடம் உண்டு. அதனால் கடையின் ரிட்டர்ன் கெடு முடிவதற்குள், கறுப்பிலும் சிவப்பிலும் எடுத்த கிட்டப் படங்களோடு புகார் போட்டாயிற்று. பெட்டியும் தெர்மாகோலும் கிழியாமல் பரணில் இருக்கின்றன.