ஸ்லைடர் சொல்லித்தராத நகர்வு

ஜியோஜீப்ரா போன்ற மென்பொருள்கள் வந்தபிறகு, சைன், கொசைன் வரைபடங்களைக் கையால் வரைவது வீண்வேலை என்ற எண்ணம் பரவிவிட்டது. y = a sin(bx + c) என்று அடித்து, மூன்று எழுத்துகளுக்கும் ஸ்லைடர் வைத்து இழுத்துப் பார்த்தால் மாணவருக்கு எல்லாம் விளங்கிவிடும் என்கிறார்கள். பாதி உண்மைதான். a-ஐக் கூட்டினால் முகடு உயரும், பள்ளம் ஆழமாகும். அந்த உயரமே வீச்சு. b-ஐக் கூட்டினால் அலைகள் நெருங்கும்; ஒரு முழு அலையின் அகலமான காலம் 360°/b. இவை இரண்டும் கண்ணுக்கே புலப்படும். சிக்கல் c-யில் இருக்கிறது.

b = 1 ஆக இருக்கும்போது c-ஐ −60° ஆக்கினால் அலை வலப்பக்கம் 60° நகரும். c-யின் அளவே நகர்வு என்று மாணவர் முடிவுகட்டிவிடுகிறார். இனி y = 3 sin(2x − 60°) என்பதைக் கொடுத்தால் வீச்சு 3, காலம் 180° என்று சரியாகச் சொல்வார்; நகர்வு 60° என்று தவறிவிடுவார். x = 60° என்று இட்டால் தவறு வெளிப்படும்: 3 sin 60°, ஏறக்குறைய 2.6. அலை தொடங்க வேண்டிய இடத்தில் மதிப்பு பூச்சியமாக இல்லை. சைன் அலை மேலேறத் தொடங்குவது அடைப்புக்குள் இருப்பது பூச்சியமாகும்போதுதான். 2x − 60° = 0 என்றால் x = 30°. ஆகவே நகர்வு 30°. இங்கே b-ஐ மட்டும் இழுத்தாலும் இந்தத் தொடக்கப்புள்ளி இடம் மாறும். ஒரு ஸ்லைடர் காலத்தையும் நகர்வையும் சேர்த்தே மாற்றுகிறது. ஏன் என்பதைத் திரை சொல்வதில்லை.

2(x − 30°) என்று பொதுக்காரணி எடுத்தால் தீர்ந்தது என்பார்கள். விடை வரும், ஆனால் எதற்காக எடுக்கிறோம் என்று தெரியாதவருக்கு அது மனப்பாடம் செய்ய இன்னொரு விதி. இயற்பியலில் 60°-ஐத்தானே கட்டம் என்கிறோம் என்றும் கேட்கலாம். ஆம், 60° என்பது முழுச்சுற்றில் ஆறில் ஒரு பங்கு. இந்த அலையின் காலமான 180°-இல் ஆறில் ஒரு பங்கு 30°. இரண்டும் முரண்படவில்லை, ஒன்று கோணத்தில், மற்றது x-அச்சில் அளந்தது.

ஆகவே தொடக்கநிலை மாணவர் ஐந்து புள்ளிகளைக் கையால் குறிக்கட்டும். அடைப்புக்குள் 0°, 90°, 180°, 270°, 360° வரும்படி x-ஐக் கண்டால் 30°, 75°, 120°, 165°, 210° கிடைக்கும். அங்கே y முறையே 0, 3, 0, −3, 0. முதலுக்கும் கடைசிக்கும் இடையே 180°; காலமும் சரிபார்த்தாயிற்று. கொசைன் என்றால் அதே x-களில் 3, 0, −3, 0, 3. முகட்டில் தொடங்கும், அவ்வளவே. இதை வரைந்து முடித்தபின் ஸ்லைடரைத் தொடலாம். அதற்கு முன் தொடுவது பாடமாகாது, வேடிக்கைதான்.