எந்தச் சுட்டெண் விலையேற்றத்தை மிகைப்படுத்துகிறது?

அடியாண்டு நிறை கொண்ட லஸ்பெயர்ஸ் சுட்டெண் விலையேற்றத்தைக் கூட்டிக் காட்டும், நடப்பாண்டு நிறை கொண்ட பாஷே சுட்டெண் குறைத்துக் காட்டும் என்று உயர்தரப் பொருளியல் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் ஊவா மாகாணத் தோட்டங்களின் 2022ஆம் ஆண்டை அந்த விதியை மட்டும் வைத்து அளக்க முடியாது.

முதலில் விதி சரியாக வரும் இடத்தைப் பார்ப்போம். பசறைப் பக்கத்து லயத்து வீடு ஒன்று மாதம் 20 கிலோ அரிசியும் 20 கிலோ கோதுமை மாவும் வாங்குகிறது என்று கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, இரண்டுமே கிலோ 100 ரூபா. மொத்தச் செலவு 4,000. அடுத்த ஆண்டு அரிசி 150 ஆகவும் மா 300 ஆகவும் ஏறுகின்றன. பழைய அளவையே வாங்கினால் 9,000 ரூபா வேண்டும். ஆகவே லஸ்பெயர்ஸ் சுட்டெண் 225. ஆனால் வீட்டுக்காரி ரொட்டியைக் குறைத்துச் சோற்றைக் கூட்டுகிறாள். அரிசி 30 கிலோ, மா 10 கிலோ. இந்தக் கூடைக்கு இன்று 7,500 ரூபா, பழைய விலையில் 4,000. பாஷே சுட்டெண் 187.5. விலை கூடியதை விட்டு மலிவானதற்கு மாற இடமிருந்தது. அந்த மாற்றத்தை அடியாண்டுக் கூடை கண்டுகொள்ளவில்லை. மிகைப்படுத்தல் என்பது இதுதான்.

இப்போது அரிசியை விட்டுவிட்டு நெத்தலியைச் சேர்ப்போம். அடியாண்டில் 2 கிலோ நெத்தலி கிலோ 1,000 ரூபாவுக்கு, 20 கிலோ மா கிலோ 100 ரூபாவுக்கு. செலவு அதே 4,000. நெத்தலி 1,500 ஆகிறது, மா 300 ஆகிறது. லஸ்பெயர்ஸ் மீண்டும் 225. கூலி ஏறாத வீட்டில் 9,000 ரூபா இல்லை. நெத்தலி அரைக் கிலோவாகச் சுருங்க, வயிற்றை நிரப்ப மா 24 கிலோவாகக் கூடுகிறது. இதற்கு இன்று 7,950 ரூபா, பழைய விலையில் 2,900. பாஷே சுட்டெண் 274. விதி தலைகீழாகிவிட்டது.

இதன் காரணத்தைப் போர்ட்கேவிச் என்ற புள்ளிவிபரவியலாளர் 1920களிலேயே விளக்கிவிட்டார். எதன் விலை அதிகம் ஏறியதோ அதன் கொள்வனவு குறைந்தால் லஸ்பெயர்ஸ் மேலே நிற்கும். அதன் கொள்வனவே கூடினால் பாஷே மேலே நிற்கும். வருமானம் உடைந்துபோன வீட்டில், விலை மிக அதிகம் ஏறிய பொருளே மிஞ்சிய பொருள்களில் மலிவான உணவாகவும் இருந்துவிடலாம். 2022இல் மாவின் விலை அரிசியைவிட வேகமாக ஏறியது. தோட்டங்களிலோ ரொட்டிதான் பல வேளைச் சாப்பாடு. 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த 1,000 ரூபா நாட்சம்பளம் 2022 முழுவதும் மாறவில்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டிய ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதம், தேசிய நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டியது 73.7 வீதம். இரண்டும் அப்போது 2013ஐ அடியாண்டாகக் கொண்டிருந்தன. உணவின் நிறை கொழும்புக் கூடையில் ஏறத்தாழ 28 வீதமாகவும் தேசியக் கூடையில் 44 வீதமாகவும் இருந்தது. தோட்டத்து வீடு உணவுக்குச் செலவிடும் பங்கு சராசரியைவிட அதிகம். தேசிய நிறை, நாட்டின் மொத்தச் செலவிலிருந்து எடுக்கப்படுகிறது. அதிகம் செலவழிக்கும் வீடே அதிகம் எண்ணப்படுகிறது. பதுளை, ஹப்புத்தளைத் தோட்டங்களின் ரொட்டியும் நெத்தலியும் அதில் கரைந்துபோகின்றன. ஆகவே சம்பளப் பேச்சில் "சுட்டெண் எப்படியும் மிகைப்படுத்தும்" என்று ஒருவர் சொன்னால், யாருடைய கூடையை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

இதனால் பாஷேயை மாதாந்தச் சுட்டெண்ணாக்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு மாதந்தோறும் வீடுகள் வாங்கிய அளவு தெரிய வேண்டும். செலவின ஆய்வோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். தவிர, நெத்தலியை இழந்த தட்டையே அது நியாயமான கூடையாக ஏற்றுக்கொள்கிறது. லஸ்பெயர்ஸிடம் ஒரு நேர்மை உண்டு: முன்பு வாழ்ந்த வாழ்வை இன்று வாழ எவ்வளவு வேண்டும் என்று அது கேட்கிறது. சம்பளத்துக்குப் பொருந்தும் கேள்வி அதுவே. அதன் குறை, கூடை பழசாகிப்போவது. 1949/50 ஆய்வின் கூடையைக் கொண்டு 1952ஐ அடியாண்டாக்கிய கொழும்புச் சுட்டெண் அரை நூற்றாண்டுக்கு மேல் புழக்கத்தில் இருந்தது. 2022இன் விலைகளுக்கும் பத்தாண்டுப் பழைய நிறைதான் கிடைத்தது.

செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வீட்டலகு வருமான செலவின ஆய்வு நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகவே தரவு திரட்டுகிறது. ஆகவே தோட்டத்துறைக்கெனத் தனி நிறையைத் தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களம் அமைக்கலாம். மாதந்தோறும் அடியாண்டு முறையில் வெளியிட்டு, அடுத்த ஆய்வு வந்ததும் அதே காலத்துக்குப் பாஷேயையும் கணித்து இரண்டையும் அருகருகே வைக்க வேண்டும். பாஷே மேலே நின்றால், அந்த இடைவெளி வீடுகள் எதை விட்டுக்கொடுத்தன என்பதைத் தேடச் சொல்லும் அறிகுறி.