ஹில்டனில் கழற்றி மேரியட்டில் பூட்டுவது

பீட்டாவிலிருந்து கடனைக் கழற்றும் கலையில் ருசி கண்டவர்கள் மேரியட் பாடத்தை விட்டுவிட மாட்டார்கள். ஹார்வர்டில் ரிச்சர்ட் ரூபாக் எழுதியது அது. மேரியட்டின் ஹோட்டல் பிரிவுக்கு மூலதனச் செலவு காண வேண்டும். அந்தப் பிரிவுக்கு வைத்த இலக்குக் கடன் 74 சதவீதம்.

ஒப்பிடக் கிடைப்பவர்களில் சுவையான ஜோடி ஹில்டனும் ஹாலிடேயும். ஹில்டனின் பங்குப் பீட்டா 0.76, கடன் 14 சதவீதம். ஹாலிடேக்கு 1.35, கடனோ 79. கடனின் பீட்டா பூஜ்யம் என்று வைத்துக் கழற்றினால் ஹில்டன் 0.65 ஆகிறது, ஹாலிடே 0.28-க்கு விழுகிறது. மேலே நின்றவர் கீழே போய்விட்டார்!

சாதாரணக் கை இதோடு நின்றுவிடும். தேர்ந்த கை இங்கேதான் சந்தேகப்படும். இருவருக்கும் ஒரே தொழில், ஒரே பொருளாதாரத்தோடு நிரம்பிக் காலியாகும் அறைகள். அப்படியிருக்க ஒருவரின் அபாயம் மற்றவரதில் பாதிகூட இல்லை என்றால் எப்படி? நூறில் 79 ரூபாய் கடன் என்றால், கடன் கொடுத்தவரும் ஹோட்டல் அபாயத்தில் ஒரு பங்கைச் சுமக்கிறார். அந்தக் கடனுக்கு 0.2 பீட்டா கொடுத்துப் பார்த்தால் ஹாலிடே 0.44-க்கு ஏறுகிறது. கடன் குறைந்த ஹில்டனுக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை.

பூட்டும்போதும் இதே கவனம் வேண்டும். ஹில்டனின் 0.65-ஐ 74 சதவீதக் கடனில் அப்படியே ஏற்றினால் பங்குப் பீட்டா 2.5. கடனுக்கும் 0.2 ஒதுக்கினால் சுமார் 1.9. சந்தைப் பிரீமியம் 6 சதவீதம் என்று கொண்டால், பங்கு மூலதனச் செலவில் ஏறத்தாழ மூன்றரைப் புள்ளி வித்தியாசம்.

வரியையும் சேர்க்கும் ராபர்ட் ஹமாடாவின் 1972 சூத்திரத்துக்குத்தான் கூட்டம் அதிகம். அழகான சூத்திரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கடன் தொகை மாறாமல் நிற்கும் என்பது அதன் அடித்தளம். மேரியட் பேசுவதோ விகிதத்தை. ஹோட்டலின் மதிப்பு ஏறினால் கடனும் ஏறும், இறங்கினால் இறங்கும். வரிச் சலுகையும் ஹோட்டலோடு சேர்ந்தே ஆடும். அங்கே ஹாரிஸ்–பிரிங்கிள் வழி, வரிப் பெருக்கல் இல்லாத வழி, இன்னும் பொருந்தும்.

இப்போதெல்லாம் யார் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்? அஸ்வத் தாமோதரன் ஆண்டுதோறும் ஜனவரியில் இலவசமாக வெளியிடும் துறைவாரிப் பட்டியலிலிருந்து ஒரு சராசரியை எடுத்து ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பட்டியலைக் குறை சொல்ல முடியாது, எடுக்கிற கைதான் சோம்பேறி. மேரியட் பாடத்திலேயே லா க்வின்டாவும் இருக்கிறது: பீட்டா 0.89, கடன் 69 சதவீதம். கடன் பீட்டாவைப் பூஜ்யமாக வைத்தால் அதுவும் 0.28-தான். ஹாலிடேயும் லா க்வின்டாவும் ஒரே பிழையால் தாழ்ந்திருக்கும்போது, மூன்றையும் கூட்டி வகுத்தால் கிடைக்கும் 0.40 அந்தப் பிழையைத்தான் சுமந்து வரும்.