இரண்டாவது லாரி

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு சின்னப் பரிசுப் பொருள் கடை. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் அதே அளவில் இன்னொரு கடை. இரண்டுமே கற்பனைக் கடைகள்தான், ஆனால் இரண்டு ஊர்க் கடைத்தெருவையும் அறிந்தவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. மதுரைக்காரருக்குப் பெரும்பகுதிச் சரக்கு சென்னை பாரிமுனையிலிருந்து வருகிறது, யாழ்ப்பாணத்துக்காரருக்குக் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து. தூரமும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டு இடத்திலும் மாலையில் ஏற்றும் சரக்கு மறுநாள் கடை வாசலில் இறங்கிவிடும். ஆனாலும் பண்டிகைக்கு ஆறு மாதம் முன்பு இருவரும் போடும் கணக்குகள் வேறு வேறு. மதுரைக் கடைக்கு இரண்டாவது லாரி உண்டு. யாழ்ப்பாணக் கடை அதை நம்பி இருக்க முடியாது.

காரணம் மொத்த வியாபாரியின் கிடங்குக்குப் பின்னால் இருக்கிறது. பாரிமுனையில் ஒரு குங்குமச் சிமிழ் தீர்ந்தால் மொராதாபாத்திலிருந்து அடுத்த மூட்டை தரைவழியே வரும். பெட்டி, பை, அச்சு வேலைக்குச் சிவகாசி இருக்கிறது. ஒருவர் இல்லையென்றால் பக்கத்துத் தெருவில் இன்னொருவர் வைத்திருப்பார். புறக்கோட்டை கெய்சர் வீதியில் பீங்கான் பொம்மையோ அலங்கார விளக்கோ தீர்ந்தால் பின்னால் இருப்பது கப்பல். இறக்குமதியாளர் சீனாவுக்கு ஆர்டர் கொடுத்து, செய்து, ஏற்றி, இறக்கி, சுங்கம் கழிப்பதற்குள் திருவிழா முடிந்துவிடும். சீனப் புத்தாண்டுக்கு ஆலைகள் மூடும் ஆண்டுத் தொடக்க வாரங்கள் குறுக்கே வந்தால் இன்னும் தாமதம். ஏப்ரல் புத்தாண்டுக்கென்று இறக்கிய சரக்கின் மிச்சம்தான் பல வேளைகளில் மே மாதம் புறக்கோட்டையில் கிடைக்கும். யாழ்ப்பாணக் கடைக்காரர் அதைப் பார்த்து எடுக்கப் போகும் மாதமும் அதுவே.

பண்டிகைகளும் வேறு. மதுரைக் கடைக்குப் பருவம் நவராத்திரியில் தொடங்கித் தீபாவளியில் முடிகிறது. கொலு வைக்கும் வீடுகள் தாம்பூலத்தோடு கொடுக்கும் சின்னப் பொருள்தான் முதல் அலை. “அண்ணே, அம்பது பீஸ் எடுத்தா என்ன விலை போடுவீங்க?” என்பதுதான் அந்த வாரங்களின் கேள்வி. யாழ்ப்பாணத்தில் தீபாவளி இருக்கிறது, ஆனால் பரிசுக் கடைக்குப் பெரிய பருவம் நல்லூர்க் கொடியேற்றத்திலிருந்து வரும் இருபத்தைந்து நாள்கள். லண்டன், டொரொன்டோ, பாரிஸிலிருந்து குடும்பங்கள் ஊருக்கு வரும் கோடை விடுமுறை. கலியாணமும் சாமத்திய வீடும் அந்த விடுமுறையை ஒட்டித்தான் வைக்கப்படுகின்றன. அங்கே கேட்கப்படுவது விலை அல்ல. “அண்ணை, இது சூட்கேசுக்குள்ள உடையாமல் போகுமோ?” என்பார்கள்.

மதுரைக் கணக்கை முதலில் பார்ப்போம். போன ஆண்டு 300 சிமிழ் வாங்கினார், அத்தனையும் விற்றது. அப்படியானால் இந்த ஆண்டும் 300 என்று எழுதுவதுதான் வழக்கம், தவறும் அங்கேதான். அந்த 300 எந்த நாளில் தீர்ந்தது என்று பில் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். நவராத்திரி முடிய ஏழு நாள் இருக்கும்போதே தீர்ந்தது, தீர்வதற்கு முந்தைய நாள்களில் தினம் 15 போயிற்று என்றால் கைவிட்டுப் போன விற்பனை நூற்றுக்கும் மேல். உண்மையான தேவை ஏறக்குறைய 400. தீர்ந்துபோன பொருளின் விற்பனை எண் என்பது வாங்கி வைத்த எண்ணே தவிர, கேட்டுவந்தவர்களின் எண் அல்ல. கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, கேட்டு இல்லையென்று திருப்பி அனுப்பியதை எல்லாம் ஒரு கோடு போட்டுக்கொண்டால் அடுத்த ஆண்டு இந்த ஊகம்கூடத் தேவையில்லை.

ஆனால் அவர் 400-ஐயும் ஆடியில் வாங்கத் தேவையில்லை. 240 வாங்குகிறார். மீதியைப் பற்றிய முடிவை ஒரு குறிப்பிட்ட நாளுக்குத் தள்ளிவைக்கிறார். அந்த நாளைத் தேர்வதில்தான் சூட்சுமம். செப்டம்பர் 10 என்று தேதியைக் குறித்தால் ஏமாறுவார். தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. நவராத்திரியும் அதே போல நகரும். போன ஆண்டின் அதே தேதியோடு ஒப்பிடுவது வேறொரு பருவத்தோடு ஒப்பிடுவதாகும். ‘நவராத்திரிக்கு இத்தனை நாள் முன்பு’ என்று கணக்கு வைக்க வேண்டும். அதிலும் நவராத்திரிக்கு முந்தைய பதினைந்து நாள் மகாளய பட்சம். பல வீடுகளில் புதுப் பொருள் வாங்க மாட்டார்கள். அந்த மந்தத்தைப் பார்த்துப் பயந்து இரண்டாவது ஆர்டரை நிறுத்தினால், அமாவாசை கழிந்த மறுநாள் கூட்டம் வரும்போது அலமாரி காலியாக இருக்கும். மகாளயம் தொடங்குவதற்கு முன் வரும் பௌர்ணமியன்று எண்ணிப் பார்த்து, அதுவரை போன ஆண்டின் அளவுக்குக் குறையாமல் போயிருந்தால் இரண்டாவது லாரிக்குப் போன் செய்வதே சரி.

கொலு பொம்மைக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. விளாச்சேரியிலும் காஞ்சிபுரத்திலும் களிமண் பொம்மை வெயிலில் காய்ந்து, சுட்டு, வர்ணம் பூசி வரவேண்டும். மழை பிடித்தால் காயாது. புதிதாக ஒரு செட் வேண்டுமென்றால் கோடையிலேயே சொல்லி முன்பணம் கொடுக்க வேண்டும். அந்த ஒரு பொருளில் மதுரைக்காரரும் யாழ்ப்பாணத்துக்காரர் நிலைமைக்கு வந்துவிடுகிறார்.

யாழ்ப்பாணத்தில் அநேகமாக எல்லாமே அப்படித்தான். பனையோலைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். எடை இல்லை, உடையாது, ஊரின் அடையாளமும் கூட, ஆகவே நல்லூர்ப் பருவத்துக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் குறைவு. மூடியுள்ள சாயப் பெட்டி ஒன்றை ஒருவர் நாளுக்கு மூன்று இழைப்பார், மாதம் இருபது நாள் வேலை செய்வார் என்று வைத்தால், ஐந்து பேர் சேர்ந்து மாதம் 300. கடைக்கு வேண்டியது 400 என்றால் ஆறு வாரம். ஆனால் ஜூனில் எல்லாக் கடையும் அதே ஐந்து பேரைத் தேடி வரும். ஓலை எடுத்துக் காயவைக்க வெயில் வேண்டும், வடக்கில் மழை ஒக்டோபரிலிருந்துதான் கனக்கிறது, அதற்கு முன் வெயிலுக்குக் குறைவில்லை. எனவே மாசி, பங்குனியிலேயே சொல்லி, சித்திரை வைகாசியில் வாங்கி அடுக்கிவிட வேண்டும். திருவிழா முடிந்து மிஞ்சியதற்கு மாரி மழை காத்திருக்கிறது. பெட்டியைத் திறந்ததும் மண் வாடை அடித்தால், இழையின் மடிப்பில் சாம்பல் புள்ளி தெரிந்தால், பூஞ்சணம் ஏறிவிட்டது. துடைத்தால் போகும், அடுத்த வாரம் திரும்பி வரும்.

ஒரே தடவைதான் வாங்க முடியும் என்றால் எவ்வளவு வாங்குவது? இதற்கு ஊகத்தைவிட நல்ல வழி உண்டு. பெட்டி 500 ரூபாய்க்கு வாங்கி 800-க்கு விற்கிறார். இல்லாமல் போன ஒவ்வொன்றுக்கும் இழப்பு 300. மிஞ்சியதை 350-க்குத் தள்ளிவிடலாம் என்றால் ஒவ்வொன்றிலும் நட்டம் 150. இல்லாமல் போவது மிஞ்சுவதைப்போல் இரண்டு மடங்கு வலிக்கிறது. ஆகவே மூன்று ஆண்டுகளில் இரண்டு ஆண்டுக்குப் போதுமாகவும், ஓர் ஆண்டு மட்டும் தீர்ந்துபோவதாகவும் உள்ள அளவே சரியான அளவு. கடந்த மூன்று பருவங்களின் உண்மைத் தேவை 300, 360, 450 என்றால் 360-க்குச் சற்று மேலே, 380 அல்லது 400-ல் நிற்கலாம். அதே கணக்கை அந்த ஆண்டுக்கென்று வந்த பிளாஸ்டிக் அலங்காரத்துக்குப் போட்டால் விடை தலைகீழாகும். மிஞ்சினால் வாங்குவார் இல்லை, போட்ட பணம் முழுவதும் நட்டம், ஆகவே தீர்ந்துபோகும்படி குறைவாக எடுப்பதே லாபம். எல்லாப் பொருளையும் ஒரே விகிதத்தில் கூட்டி வாங்குவது எனக்கு ஒருபோதும் புரியாத பழக்கம்.

இந்த எண்ணைத் திருத்த வேண்டிய இன்னொன்று நல்லூரின் நாட்காட்டி. கொடியேற்றம் 2023-ல் ஆகஸ்ட் 21, 2024-ல் ஆகஸ்ட் 9, 2025-ல் ஜூலை 29. தேர் முறையே செப்டம்பர் 13, செப்டம்பர் 1, ஆகஸ்ட் 21. வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்களோ பெரும்பாலும் செப்டம்பர் முதல் வாரத்தில் திறந்துவிடும், திருவிழாவுக்காக நகராது. 2025-ல் திருவிழா முழுவதும் விடுமுறைக்குள் விழுந்தது. 2023-ல் தேருக்கு முன்பே பிள்ளைகளோடு வந்தவர்கள் திரும்ப வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் சூட்கேசுக்கான பொருளைக் கொடியேற்றத்துக்கு முன்பே கண்ணில் படும்படி வைக்க வேண்டும். கடைசி வாரத்துக்கு உள்ளூர்க்காரர் வாங்கும் விளையாட்டுச் சாமானும் கோயில் பொருளும் போதும்.

விளம்பரத்திலும் இதே பிரிவு தெரிகிறது. மதுரையில் ஆடித் தள்ளுபடி பழைய சரக்கைப் பணமாக்கும் வழி, அந்தப் பணம்தான் நவராத்திரிக் கொள்முதலுக்கு முதல். ஆவணியில் ஐந்தாறு பொருளைப் படம் பிடித்து, 25, 50, 100 என்று மூன்று விலையோடு வாட்ஸ்அப்பில் அனுப்பி, பாதி முன்பணத்தோடு ஆர்டர் பிடித்தால், வாங்கும் முன்பே விற்றதாகிவிடும். அலுவலகங்களின் தீபாவளி ஆர்டருக்கு மட்டும் எச்சரிக்கை வேண்டும். தொகை பெரிது, பணம் தீபாவளிக்குப் பிறகே வரும். யாழ்ப்பாணத்தில் தள்ளுபடிப் பலகைக்குப் பெரிய வேலை இல்லை. பயணச்சீட்டு எடுத்தாயிற்று என்று வைபர் குழுவில் செய்தி வரும் மே, ஜூனில்தான் அங்கே விற்பனை நடக்கிறது. சாமத்திய வீட்டுக்கு 150 பெட்டி, பெயர் அச்சிட்டு, வந்திறங்கும் நாளில் தயாராக இருக்கும் என்று அப்போதே பேசி முடித்துவிட்டால், ஒரே தடவை வாங்கும் அபாயத்தில் பாதி குறைந்துவிடும். படத்தோடு எடையையும் அளவையும் எழுதுவது முக்கியம்.

முன்கூட்டி வாங்குவதில் இரண்டு நாட்டிலும் அரசின் முடிவுகள் விலையைக் கவிழ்க்கலாம். இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் பல கைவினைப் பொருள்களின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. ஜூலையில் 12 கட்டி வாங்கியவர் சாதாரணப் பதிவில் இருந்தால் கட்டிய வரியை வரவு எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷனில் இருந்தவருக்கு அந்த வழி இல்லை. நவராத்திரியின்போது புதுச் சரக்கு இறக்கிய பக்கத்துக் கடைக்காரர் அவரைவிட மலிவாகக் கொடுக்க முடிந்தது. இலங்கையில் அடி மறுபக்கமாக விழுந்தது. 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில வாரங்களிலேயே 300-ஐத் தாண்டியது. அப்போது பழைய சரக்கைப் பழைய விலைக்கு விற்றவருக்கு லாபம் போலத் தோன்றியது, அந்தப் பணத்தில் அதே அலமாரியை மீண்டும் நிரப்ப முடியவில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமாயிற்று. பதிவுக்கு உட்படாத சின்னக் கடைக்கு அது திரும்ப வராத செலவு. ஆகவே யாழ்ப்பாணக் கடைக்காரர் விலைச் சீட்டை வாங்கும்போது ஒட்டுவதில்லை. ஜூலையில் புறக்கோட்டைக்குப் போன் செய்து, இன்று இதே பொருள் என்ன விலை என்று கேட்டுவிட்டு ஒட்டுகிறார்.

மிஞ்சியதற்கு மதுரையில் கார்த்திகைத் தீபமும் தை முகூர்த்தங்களும் அடுத்தடுத்து வருகின்றன. யாழ்ப்பாணத்தில் டிசம்பரில் ஒரு சிறு கூட்டம் விமானம் ஏறி வரும், அதற்குள் ஓலைப் பெட்டிகளை இரண்டு தடவையாவது வெயிலில் காட்டி எடுத்திருக்க வேண்டும்.