மேசையில் ஊன்றிய கை: இரண்டு பாணிகள், ஓர் அளவுகோல்

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் வலது கையை மேசையில் ஊன்றி எழுந்திருக்கிறார். திரையில் இரண்டே விநாடி, 48 பிரேம். முப்பரிமாண அனிமேஷனில் கையை அசைக்கும் இரண்டு பாணிகளும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இதுதான். ஒருவர் எந்தப் பாணியில் வளர்ந்தார் என்பதும், அந்தப் பாணியின் எல்லையை உணர்ந்திருக்கிறாரா என்பதும் இந்த 48 பிரேமில் தெரிந்துவிடும்.

மூத்தது ஃபார்வர்ட் கைனமாட்டிக்ஸ், சுருக்கமாக எஃப்.கே. முதலில் தோளைத் திருப்ப வேண்டும், பிறகு முழங்கையை, கடைசியில் மணிக்கட்டை. இந்த மூன்று திருப்பங்களும் எங்கே கொண்டு சேர்க்கின்றனவோ அங்கே கை இருக்கும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு மூட்டுதான் மையம் என்பதால் கை தானாகவே வளைவில் பயணிக்கும். டிஸ்னியின் மூத்த கலைஞர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் வெளியிட்ட நூலில் வகுத்த பன்னிரண்டு விதிகளில் இந்த வளைவும் ஒன்று. எஃப்.கே. அதை இலவசமாகத் தந்துவிடுகிறது. கையை வீசி நடப்பது, பேசும்போது கையை விரிப்பது, தலையைச் சொறிவது போன்றவற்றை இன்றும் பலர் எஃப்.கே.யில்தான் செய்கிறார்கள். அது சரியும்கூட.

மேசை வந்ததும் நிலைமை மாறுகிறது. எஃப்.கே.யில் கை தோளின் பிள்ளை. பெரியவர் எழும்போது இடுப்பும் முதுகும் நகர்கின்றன, தோள் நகர்கிறது, கூடவே உள்ளங்கையும் மேசையை விட்டுக் கிளம்புகிறது. அதைப் பிடித்து நிறுத்த 12ஆம் பிரேமிலும் 24ஆம் பிரேமிலும் கையை மேசையில் சரியாக வைத்துக் கீ போடுகிறோம். 18ஆம் பிரேமைப் பார்த்தால் விரல்கள் மரத்துக்குள் புதைந்திருக்கின்றன. முதுகின் நகர்வையும் கையின் திருப்பங்களையும் கணினி தனித்தனியாக இடைநிரப்புகிறது. இரண்டும் சேர்ந்து உள்ளங்கையை ஒரே புள்ளியில் நிறுத்த வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. 18இல் ஒரு கீ போட்டால் 15இலும் 21இலும் நழுவும். இப்படியே போய்ப் பிரேமுக்கு ஒரு கீ விழுந்து, கிராஃப் எடிட்டரில் கோடுகள் ரம்பப் பல்லாக நிற்கும். அதன் பிறகு இயக்குநர் “இன்னும் கொஞ்சம் முன்னால் சாயட்டும்” என்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இரண்டாவது பாணி இன்வர்ஸ் கைனமாட்டிக்ஸ், ஐ.கே. ரோபோ இயலில் ஏற்கெனவே இருந்த இந்தக் கணக்கை, கால்களால் நடக்கும் உருவங்களை அசைப்பதற்காக 1985இல் சிக்ராஃப் மாநாட்டுக் கட்டுரை ஒன்றில் மைக்கேல் ஜிரார்டும் ஆண்டனி மசீயெவ்ஸ்கியும் கையாண்டார்கள். தரையில் பதிந்த பாதம் நழுவக் கூடாது என்பதே அங்கும் கவலை. மேசையில் ஊன்றிய கையும் சற்று நேரத்துக்கு ஒரு பாதம்தான். இந்தப் பாணியில் மணிக்கட்டு எங்கே இருக்க வேண்டும் என்று நாம் சொல்கிறோம். தோளும் முழங்கையும் எவ்வளவு மடங்க வேண்டும் என்பதை மென்பொருள் கணக்கிடுகிறது.

அந்தக் கணக்கு பள்ளியில் படித்த முக்கோணம்தான். மேற்கை ஒரு பக்கம், முன்கை இன்னொரு பக்கம், தோளிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள தூரம் மூன்றாவது பக்கம். மூன்று பக்கமும் தெரிந்தால் முழங்கையின் கோணம் கிடைத்துவிடும். ஆனால் முழங்கை எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்று முக்கோணம் சொல்லாது. அதைச் சொல்லத்தான் முழங்கைக்குப் பின்னால் ஒரு தனிக் கண்ட்ரோல் மிதக்கிறது. மாயாவில் அதன் பெயர் Pole Vector, பிளெண்டரில் Pole Target. அதைக் கவனிக்காமல் விட்டால் முழங்கை விலாவுக்குள் பாயும், அல்லது கோழிச் சிறகாக வெளியே விரியும்.

ஐ.கே.யின் பெரிய ஆபத்து கை நீளும்போது வருகிறது. நம் பெரியவரின் மேற்கை 30 செ.மீ., முன்கை 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடையே 40 செ.மீ. இருக்கையில் முழங்கைக் கோணம் சுமார் 93 பாகை. தூரம் 41 ஆனால் 96. ஒரு சென்டிமீட்டருக்கு 3 பாகைதான் மாற்றம். இனி அவர் எழுகிறார், தோள் விலகுகிறது. 53 செ.மீ.யில் கோணம் 149, 54இல் 158, 55இல் 180. கடைசி ஒரு சென்டிமீட்டரில் 22 பாகை! உடல் சீராக எழும்போது முழங்கை மட்டும் கடைசிக் கணத்தில் ‘படக்’ என்று நிமிர்வது இதனால்தான். 55ஐத் தாண்டினால் கைக்கு எட்டாது. மணிக்கட்டு மேசையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

இதற்குப் பலர் கையை இழுத்து நீட்டும் வசதியைப் போடுகிறார்கள். ஒரு துளி நீட்டுவதில் தவறில்லை. ஆனால் முதலில் செய்ய வேண்டியது, பெரியவர் ஊன்றும் இடத்தை மேசையில் நான்கு விரற்கடை அவர் பக்கம் கொண்டுவருவது. தூரம் 52 செ.மீ.யைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் படக்கென்ற நிமிர்வு வராது. நிஜத்திலும் எழுந்திருக்க ஊன்றுபவர் எட்டாத இடத்தில் ஊன்றுவதில்லை.

ஐ.கே. போட்டும் கை நழுவுகிறது என்று இளைஞர்கள் கோப்பைக் கொண்டுவந்து காட்டுவதுண்டு. பெரும்பாலும் காரணம் ஒன்றே: கைக் கண்ட்ரோல் நெஞ்சைத் தாயாகக் கொண்டிருக்கும், அதனால் நெஞ்சு போன வழியே கையும் போகும். அதை மேசைக்கோ உலக வெளிக்கோ மாற்றிவிட்டால் நழுவல் நின்றுவிடும்.

மூன்றாவது வழக்கம் இரண்டையும் ஒரே ரிக்கில் வைத்து, ஒரு ஸ்லைடரால் மாறிக்கொள்வது. மடியிலிருந்து கை வளைந்து வருவது எஃப்.கே., மேசையில் இருப்பது ஐ.கே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாறும் பிரேமில் இரண்டு கைகளும் அச்சாக ஒரே நிலையில் இருக்க வேண்டும். பொருத்தாமல் ஸ்லைடரை ஆறு பிரேமுக்கு இழுத்தால் கை இரண்டுக்கும் நடுவே எங்கோ மிதக்கும். மாற்றத்தைச் சரியாக ஊன்றும் பிரேமில் வைப்பவர்களும் உண்டு. பார்ப்பவரின் கண் அந்தப் பிரேமில்தான் குத்திட்டு நிற்கிறது. சிறு துள்ளலும் அங்கே தெரிந்துவிடும். கை காற்றில் வேகமாகப் போகும் பிரேமில், முன்பே பொருத்திவிட்டு, ஒரே பிரேமில் மாற்றுவதே நல்லது. இதுபோன்ற இரண்டு விநாடிக் காட்சிக்கு நான் மாறுவதே இல்லை. முழுவதும் ஐ.கே.யில் வைத்து, கை மேசைக்கு வரும் வழியின் நடுவில் ஒரு கீயை உயர்த்திப் போட்டு வளைவை நானே வரைந்துகொள்கிறேன். அந்தக் கீ இல்லையென்றால் கை தண்டவாளத்தில் போவதுபோல நேர்கோட்டில் வரும்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் பெரியவரின் எடை கையில் இறங்காமல் போகலாம். முன்பு ஓடிக்கொண்டிருந்த ஒரு தொடரில் நானே இப்படி ஒரு காட்சியைக் கொடுத்தேன். கை இம்மியும் நகரவில்லை, முழங்கை துள்ளவில்லை. ஆனாலும் அவர் காகிதத்தால் செய்தவர்போல எழுந்தார். குறை காறை எலும்பில் இருந்தது. இரண்டு எலும்பு ஐ.கே. தோள் மூட்டோடு நின்றுவிடுகிறது, காறை எலும்பை அது தொடுவதில்லை. எடை ஊன்றும்போது உடல் கீழே தொங்க, ஊன்றிய பக்கத்துத் தோள் காதை நோக்கி ஏற வேண்டும். கை மேசையைத் தொட்டு இரண்டு மூன்று பிரேம் கழித்து அந்த ஏற்றம் தொடங்க வேண்டும், கை கிளம்புமுன் தோள் இறங்கிவிட வேண்டும். இதைக் கணினி செய்யாது, கையால்தான் கீ போட வேண்டும். கிளம்பும்போது இன்னொன்றும் உண்டு. கண்ட்ரோலின் மையம் மணிக்கட்டில் இருப்பதால், அதைத் திருப்பினால் விரல் நுனிகள் மரத்துக்குள் இறங்கும். பாதத்துக்கு வைப்பதுபோல உள்ளங்கை அடியிலும் விரல் நுனியிலும் தனி மையங்கள் வைத்த ரிக் இருந்தால், முதலில் உள்ளங்கை அடி எழும், விரல்கள் கடைசியாக விடைபெறும்.

எனவே இளம் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஊன்றும் காட்சியை முடித்ததும் கையையும் மேசையையும் மறைத்துவிட்டு, தோளையும் தலையையும் மட்டும் ஓட்டிப் பாருங்கள். எந்தப் பிரேமில் அவர் எடையை இறக்கினார், எந்தப் பிரேமில் எடுத்தார் என்று பக்கத்தில் இருப்பவர் சரியாகச் சொல்லும்வரை அந்தக் காட்சியை அனுப்பாதீர்கள்.